தொடாமலேயே ஃபோன் திரை நகர்கிறதா? கோளாறு எங்கே என்று கண்டுபிடிப்பது எப்படி?

"நான் தொடவே இல்லப்பா. தானா மாமாவுக்குக் கால் போயிடுச்சு!"

போன மாதம் அம்மா இப்படிச் சொன்னபோது கை பட்டிருக்கும் என்றுதான் நினைத்தேன். ஃபோனை வாங்கி, கடவு எண் கேட்கும் பக்கத்தைத் திறந்து, மேசைமேல் வைத்துவிட்டுப் பார்த்தேன்.

யாரும் தொடவில்லை. ஆனால் எண்கள் ஒவ்வொன்றாக மின்னின. 3, 9, 6, 6... பிறகு மறுபடியும் 9. கடவு எண் தவறு என்று சொல்லி, ஃபோன் சிறிது நேரம் பூட்டிக்கொண்டது.

இதை "கோஸ்ட் டச்" என்பார்கள். விரல் படாமலேயே, பட்டதாகத் திரை நினைத்துக்கொள்வது.

பேநவ், சிங்பாஸ், வங்கிச் செயலி எல்லாம் இருக்கும் ஃபோனில் இது சிரித்துவிட்டுப் போகும் விஷயம் இல்லை. ஐபோனில் `Erase Data` அமைப்பை முடுக்கி வைத்திருந்தால், 10 முறை தவறான எண் விழுந்ததும் ஃபோனில் உள்ள தகவல்கள் அழிக்கப்படும். அந்த எண்ணை அழுத்தியது நீங்களா, பழுதான திரையா என்று ஃபோனுக்குத் தெரியாது.

திரை ஏன் ஏமாறுகிறது?

திரைக் கண்ணாடிக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத மின்கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. ஒவ்வொரு சந்திப்பிலும் சிறிதளவு மின்னூட்டம் இருக்கும். விரல் அருகில் வந்தால் அந்த அளவு மாறும். உள்ளே இருக்கும் ஒரு சில்லு அதை வினாடிக்குப் பல முறை அளந்து, விரல் எங்கே இருக்கிறது என்று முடிவுசெய்கிறது.

திரை உணர்வது அழுத்தத்தை அல்ல, மின்னூட்ட மாற்றத்தை. நீர்த்துளியும் அந்த மாற்றத்தை ஏற்படுத்தும். தரமில்லாத மின்னூட்டியும் ஏற்படுத்தும். சேதமடைந்த மின்கோடும் ஏற்படுத்தும்.

இந்த மூன்றும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை என்பதுதான் நமக்குக் கிடைக்கும் துப்பு.

முதலில்: எங்கே, எப்போது?

எதையும் கழற்றுவதற்கு முன் போலித் தொடுதல் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

ஆண்ட்ராய்ட் ஃபோன்களில் அதற்கு ஒரு வசதி இருக்கிறது. `Settings` பகுதியில் `About phone` சென்று, `Build number` என்பதை 7 முறை தட்டுங்கள். சில ஃபோன்களில் அது `Software information` என்பதற்குள் இருக்கும். பிறகு `Developer options` திறக்கும். அதில் `Pointer location` என்பதை முடுக்குங்கள்.

இப்போது திரையில் எங்கே தொடுதல் பதிவானாலும் அங்கே கோடு விழும். மேலே X, Y எண்கள் தெரியும். X என்பது இடமிருந்து வலம். Y என்பது மேலிருந்து கீழ். ஃபோனை மேசைமேல் வைத்து, ஐந்து நிமிடம் தொடாமல் பாருங்கள்.

ஐபோனில் இந்த வசதி இல்லை. `Notes` செயலியில் வரைவதற்கான வெற்றுப் பக்கத்தைத் திறந்து வையுங்கள். தானாகக் கோடு விழுந்தால் அது எந்த இடம் என்று தெரிந்துவிடும்.

தெரிவதை இப்படிப் படிக்கலாம்:

- ஒரே புள்ளியில் மட்டும் விழுகிறது: அந்த இடத்தில் அழுக்கு, ஈரம் அல்லது பாதுகாப்புக் கண்ணாடியில் கோளாறு இருக்கலாம்.
- திரை முழுக்க அங்குமிங்கும் தாவுகிறது, மின்னூட்டும்போது மட்டும்: மின்னூட்டியையும் கம்பியையும் சந்தேகியுங்கள்.
- நேர்க்கோட்டில், மேலிருந்து கீழாகவோ குறுக்காகவோ, எப்போதும் அதே பட்டையில்: உள்ளே மின்கோடு சேதமடைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அம்மாவின் ஃபோனில் Y மாறிக்கொண்டே இருந்தது. X மட்டும் 850-க்கும் 880-க்கும் இடையில் நின்றது. திரையின் அகலம் 1080. அதாவது வலப்பக்கத்தில் ஒரு செங்குத்துப் பட்டை. 3, 6, 9 எண்கள் அந்தப் பட்டையில்தான் இருக்கின்றன. 1, 4, 7 பக்கம் ஒருமுறைகூடப் போகவில்லை.

சந்தேகம் வந்துவிட்டது. ஆனாலும் செலவில்லாத சோதனைகளை முதலில் முடித்துவிட வேண்டும்.

ஈரம்

மின்னூட்டியைக் கழற்றுங்கள். ஃபோனை அணைத்து, மென்மையான உலர்ந்த துணியால் திரையையும் ஓரங்களையும் துடையுங்கள்.

காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் மட்டும் திரை குழம்புவதில்லை. ஈரம் துளியாகப் படியும்போதுதான் சிக்கல். குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதியிலிருந்து வெளியே வந்ததும் மூக்குக் கண்ணாடி மங்குகிறதல்லவா? குளிர்ந்த ஃபோன் திரையிலும் அதே நடக்கும். சில நிமிடத்தில் ஃபோன் வெளிச்சூட்டுக்கு வந்ததும் சரியாகிவிடும்.

தண்ணீர் உள்ளே போயிருக்குமோ என்று தோன்றினால், சிம் அட்டைத் தட்டை வெளியே எடுத்து, துளைக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பல ஃபோன்களில் அங்கே ஒரு சிறிய வெள்ளை ஒட்டுவில்லை இருக்கும். அது சிவந்திருந்தால் தண்ணீர் பட்டிருக்கிறது. ஃபோனை மின்னூட்டாமல் பழுதுபார்க்கக் கொடுங்கள்.

அரிசிக்குள் புதைக்க வேண்டாம். அரிசித் துகள் துளைக்குள் போகும். முடி உலர்த்தியும் வேண்டாம். அதன் சூடு திரையை ஒட்டியிருக்கும் பசையை இளக்கிவிடும்.

பாதுகாப்புக் கண்ணாடி

முதலில் ஃபோன் உறையைக் கழற்றுங்கள். இறுக்கமான உறை, பாதுகாப்புக் கண்ணாடியின் ஓரத்தைத் தூக்கிவிடும். அந்த இடைவெளியில் வியர்வையும் தூசியும் சேரும். போலித் தொடுதல் ஓரங்களில் மட்டும் விழுந்தால் இதுவே காரணமாக இருக்கலாம்.

அடுத்து, திரை உணர்திறனைப் பாருங்கள். தடிப்பான கண்ணாடி ஒட்டியதும் திரை சரியாக வேலை செய்யவில்லை என்று பலர் அதைக் கூட்டி வைப்பார்கள். சாம்சுங் ஃபோன்களில் அது `Settings > Display > Touch sensitivity`. உணர்திறன் கூடினால், சின்ன ஈரமும் விரலாகத் தெரியும். அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

பிறகும் நிற்கவில்லையா? கண்ணாடியைக் கழற்றுங்கள். ஒரு மூலையை நகத்தால் மெல்லத் தூக்கி, பிளாஸ்டிக் அட்டையை உள்ளே நுழைத்து நகர்த்துங்கள். கத்தி வேண்டாம்.

ஒரு விஷயத்தில் கவனம். அடியில் இருக்கும் ஃபோன் திரையே விரிந்திருந்தால் கழற்றாதீர்கள். சில்லுகளைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கண்ணாடிதான்.

"கேலிபிரேஷன்" செய்தால் சரியாகுமா?

பழைய ஃபோன்களில் திரையின் மூலைகளில் வரும் சிலுவைக் குறிகளைத் தொட்டு அளவைச் சரிசெய்வோம். அவை அழுத்தத்தை உணர்ந்த திரைகள். இன்றைய ஃபோன்களில் பொதுவாகப் பயனீட்டாளர் செய்யக்கூடிய அப்படி ஒரு வேலை இல்லை.

சில்லு தானாகவே அதைச் செய்துகொள்கிறது. ஃபோன் தொடங்கும்போது "விரல் இல்லாத நிலை" எது என்று அளந்து வைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் திரையில் ஈரமோ உங்கள் கட்டைவிரலோ இருந்தால், அளவு தவறிப்போகலாம்.

ஆகவே, திரையைத் துடைத்து, மின்னூட்டியைக் கழற்றி, மேசைமேல் வைத்து, தொடாமல் மறுதொடக்கம் செய்யுங்கள். கேலிபிரேஷன் செய்து தருவதாகச் சொல்லும் செயலிகளைப் பதிவிறக்கத் தேவையில்லை. அறுந்த மின்கோட்டை எந்தச் செயலியாலும் ஒட்ட முடியாது.

திரை ஒத்துழைக்காவிட்டால் பொத்தான்களால் மறுதொடக்கம் செய்யலாம். ஐபோன் 8-க்குப் பிறகு வந்தவற்றில் ஒலியைக் கூட்டும் பொத்தானை அழுத்தி விடுங்கள், குறைக்கும் பொத்தானை அழுத்தி விடுங்கள், பிறகு ஆப்பிள் சின்னம் வரும்வரை பக்கவாட்டுப் பொத்தானைப் பிடித்திருங்கள். சாம்சுங்கில் ஒலியைக் குறைக்கும் பொத்தானையும் பக்கவாட்டுப் பொத்தானையும் சேர்த்து சுமார் 10 வினாடி பிடித்தால் போதும்.

திரையே பழுது என்பதற்கு அடையாளங்கள்

போலித் தொடுதல் விழும் அதே பட்டையில் உங்கள் விரல் வேலை செய்யாமல் போவது முக்கிய அடையாளம். ஃபோனின் விளிம்பை லேசாக அழுத்தினால் தொடுதல் கூடுவதோ நிற்பதோ இன்னொன்று. திரையில் மை சிந்தியது போன்ற கறுப்புத் திட்டு, அழியாத பச்சைக் கோடு ஆகியவையும் அப்படித்தான்.

திரை ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, ஓரத்தில் இடைவெளி தெரிகிறதா? மின்கலம் வீங்கி, உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கலாம். அதை அழுத்தி மூடாதீர்கள், மின்னூட்டவும் வேண்டாம். உடனே பழுதுபார்ப்பு நிலையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

எல்லாக் கோளாறும் பயனீட்டாளரின் தவறு இல்லை. தொடாமலேயே செயல்படும் ஐபோன் X திரைகளை இலவசமாக மாற்றித் தருவதாக ஆப்பிள் நிறுவனம் 2018இல் அறிவித்தது. உங்கள் ஃபோனுக்கும் அப்படி ஏதாவது திட்டம் உண்டா என்று தயாரிப்பாளரின் இணையப்பக்கத்தில் பாருங்கள்.

சிங்கப்பூரில் வாங்கிய ஃபோனில் ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், வாங்கும்போதே அந்தக் குறை இருந்ததாகச் சட்டம் பொதுவாக எடுத்துக்கொள்ளும். கடையிடம் பழுதுபார்க்கவோ மாற்றித் தரவோ கேட்கலாம். நீங்கள் கீழே போட்டு உடைத்ததற்கு அது பொருந்தாது.

போலித் தொடுதலா, மோசடியா?

பழுதான திரை இலக்கில்லாமல் தட்டும். ஃபோன் வரிசையாக வங்கிச் செயலியைத் திறப்பது, எழுத்துகளைத் தட்டுவது, அமைப்புகளை மாற்றுவது என்று ஒரு நோக்கத்தோடு நகர்ந்தால் அது வேறு விவகாரம். அறிமுகமில்லாத இடத்திலிருந்து செயலி எதையும் பதிவிறக்கிய பிறகு அப்படி நடந்தால், ஃபோனை அணையுங்கள். வேறு ஃபோனிலிருந்து வங்கிக்கு அழையுங்கள். ஸ்கேம்‌ஷீல்ட் உதவி எண் 1799.

அம்மாவின் ஃபோன் என்ன ஆனது?

துடைத்தோம், உறையைக் கழற்றினோம், கண்ணாடியையும் எடுத்தோம், மறுதொடக்கம் செய்தோம். X நகரவே இல்லை. பாதுகாப்புக் கண்ணாடியை எடுத்த பிறகுதான் வலது மேல் மூலையில் மயிரிழை போன்ற விரிசல் தெரிந்தது.

"போன வாரம் எம்ஆர்டி படிக்கட்டுல விழுந்துச்சு. ஒண்ணும் ஆகலன்னு நினைச்சேன்," என்றார் அம்மா.

கடைக்குப் போகும் முன் படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் நகலெடுத்தோம். திரை விடவில்லை. யுஎஸ்பி இணைப்பி ஒன்றின் வழியாகக் கணினியின் மவுஸை ஃபோனில் செருகியதும் அம்பு தோன்றியது. பல ஆண்ட்ராய்ட் ஃபோன்களில் இது வேலை செய்யும். நடுநடுவே போலித் தொடுதல் குறுக்கிட்டாலும் வேலை முடிந்தது.

தொடுதலை உணரும் பகுதி திரையோடு சேர்ந்தே வருவதால், முழுத் திரையையும் மாற்ற வேண்டியிருந்தது. புதுத் திரை போட்டதும், கடையிலேயே `Pointer location` முடுக்கி ஐந்து நிமிடம் மேசைமேல் வைத்துப் பார்த்தோம்.

ஒரு கோடும் விழவில்லை. அதன் பிறகுதான் பணம் கட்டினோம்.