நெடுஞ்சாலையில் மாட்டுக் கூட்டம்: காப்புறுதிக்கு ஓட்டுநர் என்ன சொல்ல வேண்டும்?

சிகாமட்டிலிருந்து கம்பாங் வரை செல்லும் துன் ரசாக் நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் கார் ஓட்டியவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இரு புறமும் செம்பனை, விளக்குக் கம்பம் இல்லாத நீண்ட சாலை, நடுவே எங்கோ ஓரிடத்தில் மாட்டுக் கூட்டம். பகலின் சூடு தங்கிய தார்ச்சாலையில் மாடுகள் இரவில் வந்து படுப்பதும் உண்டு. மாடு நம் பக்கம் முகம் திருப்பியிருந்தால் கண் பளிச்சிடும். பக்கவாட்டில் நின்றால் அதுவும் தெரியாது.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 25 மீட்டர் கடக்கிறது. தாழ்ந்த விளக்கில் 50 மீட்டர் தூரத்தில் மாட்டைப் பார்த்தால் கையில் இருப்பது இரண்டே விநாடிதான். கால் பிரேக்கைத் தொடுவதற்குள் அதில் ஒரு விநாடிக்கு மேல் போய்விடும். மோதல் நடந்த பிறகு "ஏன் நிறுத்தவில்லை" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கணக்கே பதில்.

ஆனால் காப்புறுதி நிறுவனம் கேட்கும் கேள்வி வேறு. எதில் மோதினீர்கள், எங்கே, எப்படி, காரை ஓட்டியது யார் என்பதே அதற்குத் தேவை. முழுமைக் காப்புறுதி, அதாவது நம்மவர்கள் ஃபர்ஸ்ட் பார்ட்டி என்று சொல்லும் காப்புறுதி இருந்தால், மாட்டில் மோதியதும் விபத்து மோதல்தான். மாட்டைத் தவிர்க்க ஸ்டியரிங்கைத் திருப்பிக் கால்வாயில் விழுந்தாலும் அப்படியே. இரண்டுக்கும் இழப்பீடு கோரலாம். கோரிக்கை சிக்குவது பெரும்பாலும் போலீஸ் புகாரில் எழுதப்படும் நாலு வரியில்தான்.

சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி விபத்து நடந்த 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்ய வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கு 7 நாளுக்குள் தகவல் தர வேண்டும். காயமடைந்து மருத்துவமனையில் இருப்பவருக்கு 30 நாள் வரை அவகாசம் உண்டு. புகார் செய்ய வேண்டியவர் காரை ஓட்டியவரே. தம்பி ஓட்டிய காருக்கு, அவருடைய லைசென்ஸ் முடிந்துவிட்டது என்று அண்ணன் போய்ப் புகார் செய்தால் அது பொய்ப் புகார். இழப்பீடு போவதோடு வழக்கும் சேரும்.

ஒருவர் குவாந்தானில் வேலை முடித்து சிகாமட்டுக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். முவாட்சாம் ஷாவைத் தாண்டியதும் மாட்டுக் கூட்டம் குறுக்கே வருகிறது. கார் எட்டு ஆண்டுப் பழையது. அவருக்குக் காயம் இல்லை. அவர் முதலில் செய்ய வேண்டியது காரை ஓரங்கட்டி, அவசர விளக்கைப் போட்டு, பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி முக்கோணத்தை வைப்பது. கூட்டம் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால் இரண்டாவது மோதலுக்கு வாய்ப்பு அதிகம். சாலை நடுவே நின்று படம் எடுப்பது வேண்டாம்.

பாதுகாப்பான இடத்தில் நின்றபடியே எடுக்க வேண்டிய படங்கள் சில உண்டு. காரின் நான்கு பக்கம், கண்ணாடி, நம்பர் பிளேட், அருகிலுள்ள கிலோமீட்டர் கல், பிரேக் தடம், பிறகு மாடு. மாட்டின் காதில் அடையாள வில்லை இருந்தால் அதன் எண் படிக்கும்படி எடுங்கள். உடலில் சூட்டுக்குறி, கழுத்தில் கயிறு, மணி எதுவானாலும் விடாதீர்கள். செத்த மாட்டுக்கு ராத்திரியிலேயே கால் முளைத்துவிடும் என்று லோரி ஓட்டுநர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. விடிவதற்குள் இறைச்சிக்காக யாராவது தூக்கிப் போய்விடுவார்கள். போலீஸ் அதிகாரி வரும்போது சாலையில் ஒரு கறை மட்டும் இருக்கும்.

அடிபட்ட மாடு எழுந்து தோட்டத்துக்குள் ஓடிவிட்டால்? அப்போது கார்தான் சாட்சி. முன் பம்பரின் இடுக்கிலும் உடைந்த விளக்கின் விளிம்பிலும் மாட்டு முடி ஒட்டியிருக்கும், சாணமும் இரத்தமும் தெறித்திருக்கும். கார் மாட்டின் காலைத் தட்டுவதால் உடல் பானட் மேல் விழுந்து முன்கண்ணாடி வரை வரும். ஆகவே பானட் மடங்கி, கண்ணாடி வெளியிலிருந்து உள்நோக்கி நொறுங்கியிருக்கும். இரும்புத் தடுப்பில் உரசிய காரில் இந்த அடையாளம் இருக்காது. மதிப்பீட்டாளர் பார்ப்பது இதைத்தான். அதனால் அவர் பார்த்து முடிக்கும் வரை காரைக் கழுவாதீர்கள். நாற்றம் தாங்கவில்லை என்று மறுநாள் காலையிலேயே தண்ணீர் அடித்துவிடுபவர்கள் தங்கள் சாட்சியைத் தாங்களே கழுவி விடுகிறார்கள்.

இழுவை வண்டி விஷயத்திலும் அவசரம் கூடாது. அழைக்காமலே வந்து நிற்கும் வண்டிக்காரர் காரைத் தமக்குத் தெரிந்த பட்டறைக்குக் கொண்டுபோவார். அது உங்கள் காப்புறுதி நிறுவனத்தின் பட்டியலில் இல்லாவிட்டால் காரை மீட்பதே பெரும்பாடாகும். பாலிசியில் உள்ள அவசர எண்ணை அழையுங்கள்.

இனி புகார். நிலையத்தில் அதிகாரி மலாயில் எழுதுவார். களைப்பில் "மாடு வந்தது, கார் போய்விட்டது" என்று மட்டும் சொன்னால், அவர் "தெர்பாபாஸ்" என்று எழுதி முடிக்கலாம். அதாவது கார் தானாகத் தடம் விலகியது என்று பொருள். லெம்பு என்ற சொல்லே அதில் இராது. பிறகு காப்புறுதிப் படிவத்தில் மாடு என்று எழுதினால் இரண்டும் பொருந்தவில்லை என்று கேள்வி வரும். கையெழுத்துப் போடுமுன் முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஏதும் விடுபட்டது பின்னர் தெரிந்தால், முதல் புகாரின் எண்ணைக் குறிப்பிட்டுக் கூடுதல் புகார் செய்யலாம்.

நாம் பேசும் ஓட்டுநர் சொல்ல வேண்டியது ஏறத்தாழ இப்படி இருக்கும்:

"இரவு மணி 10.40 அளவில் முவாட்சாம் ஷாவிலிருந்து சிகாமட் நோக்கி நான் தனியாகக் காரை ஓட்டிச் சென்றேன். மழை இல்லை, சாலையில் விளக்கு இல்லை, என் கார் விளக்குகள் எரிந்தன. வேகம் சுமார் 80 கிலோமீட்டர். இடப்புறச் செம்பனைத் தோட்டத்திலிருந்து ஐந்தாறு மாடுகள் திடீரெனச் சாலையைக் கடந்தன. நான் பிரேக் போட்டும் மூன்றாவதாக வந்த பழுப்பு மாட்டின் மீது காரின் முன் இடப்பக்கம் மோதியது. பிறகு கார் இடப்புறப் புல்லில் இறங்கி நின்றது. வேறு வாகனம் எதுவும் மோதவில்லை. எனக்குக் காயம் இல்லை. மாடு அங்கேயே இறந்தது. அதன் காதில் மஞ்சள் வில்லை இருந்தது, படம் எடுத்துள்ளேன். பம்பர், பானட், இடப்பக்க விளக்கு, முன்கண்ணாடி, ரேடியேட்டர் சேதம். மற்ற சேதம் இன்னும் தெரியவில்லை."

இதில் ஊகம் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். மாட்டுக்காரர் யார் என்று அவர் சொல்லவில்லை, கண்டதை மட்டுமே சொன்னார். கடைசி வாக்கியமும் வீண் இல்லை. பட்டறையில் பிரித்த பிறகு தெரியும் சேதத்தைச் சேர்க்க அது இடம் வைக்கிறது. இதே வாசகம், இதே வரிசையில், காப்புறுதிப் படிவத்திலும் போக வேண்டும். டேஷ்கேம் பதிவு இருந்தால் அன்றே தனியாக எடுத்து வையுங்கள், அட்டை நிறைந்தால் அது தானாக அழிந்துவிடும்.

அடுத்தது பணம். இன்னொரு காரில் மோதி, தவறு அவருடையது என்றால் என்சிடி போகாமல் கோர வழி உண்டு. மாட்டுக்குக் காப்புறுதி இல்லை, எனவே அந்த வழி இங்கே இல்லை. தவறு உங்களுடையது அல்ல என்று போலீஸ் சொன்னாலும், சொந்தக் காப்புறுதியில் கோரினால் என்சிடி சுழியத்துக்கு வந்துவிடும். இதைக் கேட்டுப் பலர் கோபப்படுகிறார்கள். ஆனால் விதி அதுதான்.

நம் ஓட்டுநர் 55 விழுக்காடு என்சிடி உடையவர். கழிவுக்கு முன் அவர் பிரிமியம் 1,600 ரிங்கிட் என்றால் இப்போது கட்டுவது 720 ரிங்கிட். கோரிய பிறகு அடுத்த ஆண்டு முழு 1,600 கட்ட வேண்டும். பிறகு என்சிடி 25, 30, 38.33, 45 என ஏறி, மீண்டும் 55-ஐத் தொடும்வரை அவர் கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 2,187 ரிங்கிட். ஆக, பழுதுச் செலவு 1,800 ரிங்கிட் என்றால் கையிலிருந்து கொடுப்பதே லாபம்.

அவருடைய பழுதுச் செலவோ 13,000 ரிங்கிட்: உதிரிபாகம் 9,000, கூலியும் சாயமும் 4,000. இங்கே பெட்டர்மென்ட் வருகிறது. பழைய காருக்குப் புதிய அசல் பாகம் போட்டால், மதிப்பு கூடியதற்காக உரிமையாளரும் பங்கு கட்ட வேண்டும். ஐந்து ஆண்டுக் காருக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்தும் அதற்கு மேலும் போனால் 40 வரை. எட்டு ஆண்டுக் காருக்கு 30 விழுக்காடு, அதாவது 2,700 ரிங்கிட். காரை ஓட்டியவர் பெயர் பாலிசியில் இல்லாவிட்டால் இன்னும் 400 ரிங்கிட் எக்சஸ். நம் ஓட்டுநர் பெயர் இருக்கிறது. எனவே காப்புறுதி தருவது 10,300 ரிங்கிட். என்சிடி இழப்பைக் கழித்தும் கோருவதே சரி.

மோட்டார் சைக்கிள்காரர்களின் நிலை கடினமானது. பெரும்பாலோரிடம் தேர்ட் பார்ட்டி மட்டுமே இருக்கும். அதில் தம் வண்டிக்கு ஒரு காசும் கிடைக்காது. ஆனால் விடியற்காலையில் வேலைக்குப் போகும்போதோ வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போதோ மாட்டில் மோதிக் காயமடைந்தால், சொக்சோ சந்தா கட்டப்படும் தொழிலாளருக்கு அது வேலை தொடர்பான விபத்தாகக் கருதப்படும். முதலாளியிடம் உடனே சொல்லுங்கள், அவர் 48 மணி நேரத்தில் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். போலீஸ் புகாரில் "வேலைக்குப் போகும் வழியில்" என்ற சொற்கள் இருக்கட்டும்.

மாட்டுக்காரர் எங்கே? சில வேளை அவரே வந்து நிற்பார், செத்த மாட்டுக்குப் பணம் கேட்டு. சாலையோரத்தில் காசு கொடுக்கவோ "என் தப்புதான்" என்று எழுதிக் கொடுக்கவோ வேண்டாம். காப்புறுதி நிறுவனத்தைக் கேட்காமல் வாக்குக் கொடுப்பது பாலிசி நிபந்தனைக்கு எதிரானது. அவருக்கு உரிமை உண்டென்றால் உங்கள் பாலிசியின் மூன்றாம் தரப்புப் பகுதியிடம் கேட்கட்டும்.

பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. மாடு யாருடையது என்று கேட்டால் ஊரே தலையசைக்கும். காது வில்லை எண்ணின் படம் அப்போதுதான் பயன்படும், கால்நடைச் சேவைத் துறை மூலம் அது யார் பெயரில் என்று விசாரிக்க வழி உண்டு. உரிமையாளர் தெரிந்தால், காப்புறுதி நிறுவனம் தான் கொடுத்த 10,300 ரிங்கிட்டை உங்கள் பெயரிலேயே அவரிடம் கேட்கலாம். உங்கள் கையிலிருந்து போனதை நீங்கள் கேட்கலாம். தீபகற்பத்தில் அதற்கு ஆறு ஆண்டு அவகாசம். மாடு அடிக்கடி அவிழ்ந்து திரிந்தது, முன்பே அவரை எச்சரித்தார்கள் என்பதற்குச் சாட்சி இருந்தால்தான் வழக்கு நிற்கும். தோட்டப்புறத்தில் மாடு வளர்க்கும் நம்மவர்களும் இதைப் படித்து வைப்பது நல்லது. பட்டியின் கதவு திறந்திருந்த ஒரு ராத்திரிக்கு அந்தத் தொகை முழுவதும் அவர்கள் வீட்டுக்கு வரலாம்.

கோரிக்கையை நிறுவனம் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதன் இறுதி முடிவு வந்த ஆறு மாதத்துக்குள் நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பான எஃப்.எம்.ஓ.எஸ்.-இடம் போகலாம். 2025 ஜனவரி வரை ஓ.எஃப்.எஸ். என்ற பெயரில் இருந்தது அதுதான். போகும்போது புகாரின் நகல், படங்கள், மறுப்புக் கடிதம் மூன்றும் கையில் இருக்கட்டும்.