"வெள்ளி இரவு 12 மணி" என்றால் எந்த இரவு?

இரத்தோட்டைப் பாடசாலை ஒன்றின் பழைய மாணவர்கள் தோட்டப் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் வழங்குவதாக வைத்துக்கொள்வோம். தெரிவுக் குழுவினர் இரத்தோட்டை, லண்டன், ரொறன்ரோ, மெல்பேர்ன் என நான்கு ஊர்களில் இருக்கிறார்கள். புள்ளிகள் பிந்தினால் ஒரு பிள்ளையின் விண்ணப்பம் கணக்கில் வராமல் போகும்.

"வெள்ளி இரவு 12 மணிக்குள் அனுப்பவும்" என்று வட்ஸ்அப்பில் போட்டால் என்ன நடக்கும்? நமது பேச்சு வழக்கில் அது வெள்ளிக்கிழமை முடியும் நேரம். நாட்காட்டியின்படி வெள்ளி தொடங்குவதோ வியாழன் நள்ளிரவில். எந்த ஊரின் நள்ளிரவு என்பதும் தெரியாது. ரொறன்ரோவில் இருப்பவர் தனது வெள்ளி நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டால், இங்கே சனி காலை 9.30 ஆகிவிடும். எனவே நள்ளிரவைத் தவிர்த்து, மாலை 6.00 போன்ற ஒரு நேரத்தைக் குறிப்பது நல்லது.

கிழமை, திகதி, மாதத்தின் பெயர், ஆண்டு, காலையா மாலையா, எந்த நாட்டு நேரம் ஆகிய அனைத்தும் செய்தியில் இருக்க வேண்டும். 05/06 என்று எழுதினால் இங்கே ஜூன் 5, அமெரிக்க வழக்கில் மே 6. "நாளை" என்ற சொல்லும் வாசிப்பவர் இருக்கும் ஊருக்கேற்ப மாறும்.

2025 ஒக்டோபர் இறுதிக்கு ஒரு மாதிரி:

"ஞாபகமூட்டல்: புள்ளிப் பட்டியலை 2025 ஒக்டோபர் 31, வெள்ளிக்கிழமை, இலங்கை நேரம் மாலை 6.00 மணிக்குள் அனுப்பவும்.
லண்டன்: வெள்ளி பகல் 12.30
ரொறன்ரோ: வெள்ளி காலை 8.30
மெல்பேர்ன்: வெள்ளி இரவு 11.30
அதன் பின் வருபவை சேர்க்கப்படமாட்டா."

இந்த அட்டவணையை அடுத்த முறை அப்படியே பிரதி பண்ணக் கூடாது. பிரித்தானியா ஒக்டோபர் 26ஆம் திகதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைத்தது. ஒரு வாரம் முன்னதாக என்றால் லண்டனில் பகல் 1.30 ஆக இருந்திருக்கும். ரொறன்ரோ நவம்பர் 2ஆம் திகதிதான் மாற்றியது. ஆகவே ஒவ்வொரு திகதிக்கும் புதிதாகக் கணக்கிட வேண்டும்.

இலங்கை நேரமும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக 1996இல் கடிகாரங்கள் முன்னால் நகர்த்தப்பட்டன. 2006 ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பினோம். இன்று நமது நேரமும் இந்திய நேரமும் ஒன்றே. ஆனாலும் ஐ.எஸ்.ரி. என்ற சுருக்கம் அயர்லாந்து, இஸ்ரேல் நேரங்களுக்கும் வழங்குவதால், "இலங்கை நேரம்" என்றே எழுதுவது பாதுகாப்பு.

ஞாபகமூட்டலை அனுப்பும் வேளையும் முக்கியம். இரண்டு நாட்களுக்கு முன், புதன்கிழமை மாலை 4.30க்கு இங்கிருந்து அனுப்பினால் மெல்பேர்னில் இரவு 10.00, லண்டனில் முற்பகல் 11.00, ரொறன்ரோவில் காலை 7.00. பெரும்பாலும் எல்லோரும் விழித்திருக்கும் நேரம் அது. மெல்பேர்ன்காரருக்குக் கடைசி நேரம் இரவு 11.30 என்பதால், அவர் உறங்கப் போகுமுன் அனுப்பிவிட வேண்டும் என்று தனியே ஒரு வரி சேர்க்கலாம்.