யாண்டு 25, நாள் 275

குன்னத்திலிருந்து கிழக்கே கங்கைகொண்ட சோழபுரம் போய்க் கல்வெட்டைக் கைபேசியில் படம் பிடித்து வருகிறவர்கள் அடுத்துக் கேட்பது, ‘இது எந்த வருஷம்?’ என்பதுதான். கல்லில் இருப்பதோ அரசன் பெயரும் ‘யாண்டு’ என்ற சொல்லும் ஓர் எண்ணும்.

யாறு ஆறானது போல, யானை ஆனையானது போல, யாண்டு முதலெழுத்தை இழந்து ஆண்டு ஆயிற்று. அரசன் ஆண்டதால் ஆண்டு என்று மேடையில் சொல்வார்கள். கேட்க நன்றாயிருக்கும். ஆனால் ஆள் என்ற வினைக்கு முன்னால் யகரம் இருந்ததில்லை.

எண்ணும் முறையில் மட்டும் அரசனுக்குப் பங்குண்டு. அவன் பட்டமேற்ற நாளே முதல் யாண்டின் தொடக்கம். ஆகவே கல்வெட்டு யாண்டோடு பட்டமேற்ற ஆண்டைக் கூட்டி ஒன்றைக் கழிக்க வேண்டும். முதலாம் இராஜராஜன் பட்டமேற்றது 985 ஜூன் 25-க்கும் ஜூலை 25-க்கும் இடையில் ஒரு நாள். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்துக்குச் செப்புக்குடம் கொடுத்தது அவனது யாண்டு 25, நாள் 275. 985-உடன் 25-ஐக் கூட்டி ஒன்றைக் கழித்தால் 1009. ஆனால் அந்த யாண்டு தொடங்குவதே 1009-இன் நடுவில்தான். அங்கிருந்து 275-ஆம் நாள் 1010 மார்ச் கடைசிக்கும் ஏப்ரல் கடைசிக்கும் இடையே விழுகிறது. நாளை விட்டுவிட்டு யாண்டை மட்டும் மாற்றினால் ஒரு வருஷம் பிசகும்.

இராஜேந்திரனிடம் பிசகு இன்னும் பெரிது. தந்தை 1014-இல் மறைந்தார் என்று அங்கிருந்து எண்ணினால் இரண்டு வருஷம் தள்ளிப்போகும். 1012-லேயே இளவரசுப் பட்டம் கட்டப்பட்டதால் கணக்கு அங்கே தொடங்குகிறது. படம் மங்கலாயிருந்தாலும் இரண்டு வருஷம் போகலாம்: தமிழ் எண்ணில் ௪ என்பது ‘ச’, ௬ என்பது ‘சு’. உகரச் சுழி தெரியாவிட்டால் ஆறு நாலாகிவிடும்.

ஜப்பானியர் இன்றும் யாண்டு முறையிலும் எண்ணுகிறார்கள். 1926-இல் தொடங்கிய ஷோவா யுகத்தின் 18-ஆம் ஆண்டு, அதே கூட்டிக் கழிக்கும் கணக்கில், 1943. அந்த வருஷம்தான் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் சயாம் ரயில் பாதையில் மாண்டுகொண்டிருந்தார்கள். அக்காலத்துக் காகிதத்தின் படம் யாரிடமாவது இருந்தால் ஆண்டு மூன்று விதமாக இருக்கக்கூடும். 18 என்றால் ஷோவா. 2486 என்றால் தாய்லாந்தின் புத்த ஆண்டு. 543-ஐக் கழிக்க வேண்டும். 2603 என்றால் ஜப்பானியர் தங்கள் முதல் பேரரசரிலிருந்து எண்ணியது. 660-ஐக் கழிக்க வேண்டும். மூன்றும் 1943. 2603-ஐப் புத்த ஆண்டென்று கொண்டால் 2060 வரும், உடனே பிடித்துவிடலாம்.

இலங்கைப் புத்த ஆண்டில் அப்படிப் பளிச்சென்று தெரியாது. அங்கே 2500-ஆம் ஆண்டு 1956 வெசாக்கில் பிறந்தது, தாய்லாந்திலோ 1957-இல். ஆகவே வெசாக்குக்குப் பிந்திய மாதங்களில் இலங்கைத் தாளுக்கு 544-ஐக் கழிக்க வேண்டும். தாள் எந்த நாட்டினது என்பதை முத்திரையில் பார்த்த பிறகே கழித்தலைத் தொடங்கலாம்.