நெய்வேலி வீட்டுக்கு வந்த வேறு மாதிரிக் கடிதம்

நெய்வேலி டவுன்ஷிப்பில் என்.எல்.சி. அதிகாரியின் சம்பளச் சீட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள், தனியார் நிறுவனத்தின் முதுநிலை விற்பனை மேலாளர் பதவிக்கான பணி நியமனக் கடிதத்தையும் அதே கண்ணால் படித்துவிடுகிறார்கள். அங்கேதான் பணம் கைநழுவுகிறது.

என்.எல்.சி. போன்ற மத்தியப் பொதுத்துறையில் நிலையான ஊதியம் என்பது கிரேடு அடிப்படைச் சம்பளமும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் பஞ்சப்படியும் சேர்ந்தது. தனியார் கடிதத்திலோ நிறுவனம் செலுத்தும் பி.எஃப். பங்கும் பணிக்கொடையும் ஆண்டு மொத்தத்துக்குள்ளேயே அடங்கியிருப்பது வழக்கம். கடிதத்தில் உள்ள தொகை வேறு, கைக்கு வருவது வேறு.

மாறும் ஊதியத்தில் வேறுபாடு இன்னும் ஆழமானது. பொதுத்துறையின் பி.ஆர்.பி.க்கு 2017 ஊதியத் திருத்தம் கிரேடுவாரியாக உச்சவரம்பு வைத்தது. நிறுவனம் லாபம் ஈட்ட வேண்டும், அரசுடனான ஒப்பந்த இலக்கில் நல்ல மதிப்பீடும் பெற வேண்டும். தனி ஒருவரின் உழைப்பு அந்தக் கணக்கில் ஒரு பகுதி மட்டுமே. விற்பனை மேலாளருக்கு அவருடைய இலக்குதான் பெரும்பங்கு. ஆனால் அந்த இலக்கு எவ்வளவு, எப்போது தெரிவிக்கப்படும், நடுவில் மாற்றலாமா என்பவை கடிதத்தில் இருப்பது அரிது. ‘நிறுவனக் கொள்கைப்படி’ என்ற இரண்டு சொற்களோடு முடித்துவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நிலையானது ஆண்டுக்கு 18 லட்சம், மாறுவது 6 லட்சம், நோட்டீஸ் 90 நாள். இலக்கில் 80 சதவீதம் எட்டினால் பாதி, அதாவது 3 லட்சம். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மார்ச்சில் ஆண்டு முடிகிறது, பணம் ஜூனில் வரும். அவர் 80 சதவீதம் எட்டிவிட்டு மே மாதம் ராஜினாமா கொடுக்கிறார். ‘பணம் வழங்கும் நாளில் நோட்டீஸ் காலத்தில் இருப்பவருக்குக் கிடையாது’ என்ற வரி இருந்தால், முடிந்த ஆண்டுக்கான 3 லட்சமும் போயிற்று. புதிய இடத்தில் உடனே சேரவேண்டும் என்றால் மூன்று மாத ஈட்டுத்தொகை வேறு: மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டால் 4.5 லட்சம்; அடிப்படைச் சம்பளம் அதில் பாதி என்றால், அதன்படி 2.25 லட்சம். ஒரே ஒரு சொல்லால் வரும் வித்தியாசம் இது.

பொதுத்துறையில் ராஜினாமாவை உரிய அதிகாரி ஏற்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தால் அது தடைபடலாம். தனியாரில் பிடியாக அமைவது பெரும்பாலும் பணிவிடுப்புச் சான்றும் இறுதிக் கணக்கும்தான்.

ஆகவே கையெழுத்திடும் முன் மனிதவளத் துறைக்கு அனுப்பும் மின்னஞ்சலில் நான் மூன்றைக் கேட்கச் சொல்வேன்: முதல் ஆண்டு இலக்கு எண்ணாக வேண்டும், முடிந்த ஆண்டின் மாறும் ஊதியம் நோட்டீஸ் காலத்திலும் தரப்படும் என்ற வரி வேண்டும், ஈட்டுத்தொகை அடிப்படைச் சம்பளத்தில் என்று எழுத வேண்டும். மூன்றில் முதலாவதை மட்டுமே தர ஒப்புக்கொண்டால், நிலையான பகுதியை உயர்த்திக் கேட்பதே சரி.