“mdr” என்றால் எப்போதும் சிரிப்பா?

பாரிஸ் புறநகர் ஒன்றில் பிறந்து வளர்ந்த பதினேழு வயதுப் பையன் ஒருவன், குடும்ப வட்ஸ்அப் குழுவில் தன் மச்சாளுக்குப் பதில் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குழுவில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் பெரியம்மாவும் இருக்கிறார். அவர் கண்ணில் படுவது இந்த இரண்டு வரிகள்:

```
j'ai eu 7 au bac blanc mdr
tkt
```

பிரெஞ்சு தெரியாத பெரியம்மா ஒவ்வொரு சொல்லாக அர்த்தம் தேடுகிறார். இறுதிப் பரீட்சைக்கு முன்னர் பாடசாலை நடத்தும் மாதிரிப் பரீட்சையில் பையனுக்கு 7 புள்ளி கிடைத்திருக்கிறது. mdr என்பது சிரிப்பு என்று யாரோ சொல்கிறார்கள். “ஏழு புள்ளி எடுத்துப்போட்டுச் சிரிக்கிறானோ?” என்று அவருக்கு மனம் நோகிறது.

இந்த இரண்டு வரிகளில் மூன்று இடங்களில் அவர் தடுக்கி விழக்கூடும். முதலாவது, அந்த 7. பிரெஞ்சுப் பாடசாலைகளில் புள்ளி வழங்குவது நூற்றுக்கு அல்ல, இருபதுக்கு. பத்து எடுத்தால்தான் சித்தி. ஆகவே ஏழு என்பது குறைந்த புள்ளிதான், ஆனால் பெரியம்மா நினைக்கும் அளவுக்குப் படுமோசம் அல்ல. மற்ற இரண்டும் குறுக்கெழுத்துகள்.

சாவு என்ற சொல்லில் தொடங்கும் சிரிப்பு

mdr என்பது ‘மோர் து ரீர்’ என்ற தொடரின் முதல் எழுத்துகள். ‘சிரித்துச் செத்துவிட்டேன்’ என்பது அதன் பொருள். நாமும் ‘சிரிச்சுச் சிரிச்சு வயிறு நொந்துபோச்சு’ என்கிறோம். அவர்கள் வயிற்றோடு நிற்காமல் சாவு வரை போய்விடுகிறார்கள். தொலைபேசி மணி அடித்தாலே யாருடைய சாவுச் செய்தியோ என்று பயந்திருந்த காலத்தைக் கடந்து வந்தவர்களுக்கு, மொழிபெயர்ப்பில் ‘செத்துவிட்டேன்’ என்ற சொல் திடீரென வந்து நிற்பது நெஞ்சைத் திடுக்கிட வைக்கும். இளையவர்கள் அனுப்பும் மண்டையோட்டுப் படமும் அநேகமாக இதே சிரிப்பைத்தான் குறிக்கிறது. அதில் கெட்ட சகுனம் எதுவும் இல்லை.

இந்தச் சுருக்கங்கள் பரவியது எண் பொத்தான்கள் கொண்ட பழைய கைத்தொலைபேசிக் காலத்தில். ஒரு குறுஞ்செய்தியில் 160 எழுத்துகள்தான் கொள்ளும். ஒரு எழுத்துக்காக ஒரே பொத்தானை மூன்று நான்கு தடவை அழுத்த வேண்டியிருந்தது. இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனாலும் mdr மறையவில்லை. குரலும் முகமும் தெரியாத எழுத்தில், சொல்வது எந்தத் தொனியில் என்பதைக் காட்டும் வேலை அதற்குக் கிடைத்துவிட்டது.

உண்மையான சிரிப்பை அடையாளம் காண்பது சுலபம். யாராவது பகிடி சொன்னதும், பதிலாக அது தனித்து வரும். பெரும்பாலும் நீண்டு வரும்: mdrrrr. அல்லது பெரிய எழுத்தில் வரும்: MDR. சிரிப்பு இன்னும் கூடினால் ptdr. ‘சிரித்து வெடித்துப் போனேன்’ என்பது போன்ற கொச்சைத் தொடர் அது.

வாக்கியத்தின் கடைசியில், சின்ன எழுத்தில், நீளாமல் ஒட்டிக்கொண்டு வரும் mdr வேறு. அங்கே அநேகமாக யாரும் சிரிக்கவில்லை. `t'es nul` என்றால் ‘நீ ஒன்றுக்கும் உதவாதவன்’. `t'es nul mdr` என்றால் அதே சொல் நண்பர்களுக்கு இடையிலான கேலி. முன்னையது சண்டைக்குக் கொண்டுபோகும், பின்னையது தோளில் தட்டுவது போன்றது. தன்னைப் பற்றிய கெட்ட செய்தியின் கடைசியில் வந்தால், பெரும்பாலும் அது கூச்சத்தை மறைக்கும் திரை. ‘எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் இதைப் பெரிதாக்க வேண்டாம்’ என்பதுதான் அதன் பொருள்.

‘இல்லை’ விடுபட்ட ஆறுதல்

tkt என்பது ‘தங்கியெத்’ என்று ஒலிக்கும் தொடரின் சுருக்கம். முழுமையாகச் சொன்னால் ‘கவலைப்படாதே’. ஆனால் பிரெஞ்சுக்காரர் பேச்சு வேகத்தில் அதில் எதிர்மறையைக் காட்டும் இரண்டு சொற்களையும் விழுங்கிவிடுகிறார்கள். எஞ்சுவதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ‘கவலைப்படு’ என்பது போல நேர்மாறாக வந்து நிற்கும். பையன் எழுதியது ஆறுதல். பெரியம்மா கையில் கிடைப்பதோ எச்சரிக்கை.

ஸ்பானியர் ஏன் ‘ஜ’ போடுகிறார்கள்?

பிரான்சில் பிள்ளைகள் இரண்டாவது அந்நிய மொழியாக அதிகம் எடுப்பது ஸ்பானிய மொழியை. அதனால் அவர்களது செய்திகளில் jajaja என்பதும் எட்டிப் பார்க்கும். அதை ‘ஜாஜாஜா’ என்று வாசிக்கக்கூடாது. ஸ்பானிய மொழியில் h என்ற எழுத்துக்கு ஒலியே இல்லை. Hahaha என்று எழுதினால் ‘ஆ ஆ ஆ’ என்றுதான் வரும். தொண்டையில் இருந்து வரும் ‘ஹ’ ஒலியைத் தருவது j. எனவே jajaja என்பது நமது ‘ஹாஹாஹா’தான்.

அங்கே உயிரெழுத்தும் நீளமும் தொனியை மாற்றுகின்றன. jajaja சாதாரணச் சிரிப்பு. JAJAJAJA வாய்விட்டுச் சிரிப்பது. சில வேளை ajjajaja என்று எழுத்துகள் குழம்பி வரும்; சிரிப்பில் விரல் தடுமாறியது போன்ற பாவனை அது. jeje நமட்டுச் சிரிப்பு, jiji குறும்புச் சிரிப்பு. கவனிக்க வேண்டியது தனியாக வரும் ஒற்றை ja. அது பெரும்பாலும் சிரிப்பல்ல, ‘ஓ, அப்படியோ!’ என்ற குத்தல். வாக்கியக் கடைசியில் jaja மட்டும் வந்தால், mdr செய்யும் அதே வேலைதான்: சொன்னதை மென்மையாக்குவது.

இவற்றுக்குச் சட்டம் கிடையாது. ஒருவர் எல்லாவற்றுக்கும் mdr போடுவார், இன்னொருவர் தொடவே மாட்டார். ஆகவே அகராதியை விட அந்தப் பிள்ளையின் வழக்கமே நம்பகமான அளவுகோல். வழமையாக mdrrrr என்று நீட்டுகிறவன் இரண்டு மூன்று நாளாக வெறும் mdr போடுகிறான் என்றால், அல்லது அதையும் விட்டு ok. என்று முற்றுப்புள்ளி வைத்து முடிக்கிறான் என்றால், ஏதோ ஒன்று மாறியிருக்கலாம். அது களைப்பாகவும் இருக்கலாம், மனவருத்தமாகவும் இருக்கலாம். எழுத்தை வைத்து அதற்கு மேல் ஊகிக்க முடியாது. கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இனி அந்த இரண்டு வரிகளையும் திரும்ப வாசிப்போம். “மாதிரிப் பரீட்சையில் இருபதுக்கு ஏழுதான் வந்தது, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கவலைப்படாதீர்கள்.” பையன் சிரிக்கவில்லை. தோல்வியை மறைக்கவும் இல்லை. உறவினர் எல்லாரும் பார்க்கும் இடத்தில் அதைத் தானே சொல்லியிருக்கிறான்.

இதற்குப் பதிலாக ஒரு சிரிப்புப் படம் போட்டால், அவன் இழுத்த திரையை நாமும் சேர்ந்து இழுத்து மூடியதாகிவிடும். “இதில சிரிக்க என்ன கிடக்கு?” என்று எல்லார் முன்னிலையிலும் ஏசினால், அடுத்த முறை புள்ளியைச் சொல்லவே மாட்டான். பெரியம்மா குழுவை விட்டு அவனுக்குத் தனியே ஒரு குரல்பதிவு அனுப்பலாம். “எந்தப் பாடம் தம்பி கஷ்டமாக் கிடக்கு?” என்ற ஒரு கேள்வி போதும். குரலில் தொனி தானாகவே இருக்கும், அதற்குக் குறுக்கெழுத்து தேவையில்லை.