வடு விழுந்த இதயம்

யுகாண்டா நாட்டின் கம்பாலா நகரில் முலாகோ மருத்துவமனை உள்ளது. அங்கே இறந்தோர் உடல்களை ஆராய்ந்துவந்த ஜே. என். பி. டேவீஸ் என்னும் மருத்துவ அறிஞர், சில இதயங்களின் உட்புறம் வெண்மையான தடித்த வடுவால் மூடப்பட்டிருக்கக் கண்டு, 1948-ஆம் ஆண்டில் அதனை விவரித்தார். எண்டோமயோகார்டியல் ஃபைப்ரோசிஸ் என்று பின்னர் பெயர் பெற்ற அந்நோயின் வரலாற்றையே நேயர்களுக்கு இன்று கூற விழைகின்றேன்.

இதயத்தின் கீழறை, நுனி கூர்ந்த ஒரு பை போன்றது. வடு பெரும்பாலும் அந்நுனியில் படர்ந்து, பையின் அடிப்பகுதியைத் தூர்த்துவிடுகிறது. வால்வைத் தாங்கும் தசைத்தூண்களையும் நாண்களையும் அது தன்னுள் சிக்கவைப்பதால், வால்வின் இதழ்கள் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. சுவர் சுருங்கும் வலிமை பெரிதும் குறைவதில்லை. குருதி வந்து நிரம்ப இடந்தான் இல்லை.

டேவீஸ் கத்தியால் கண்டதை உயிருள்ள மனிதரிடம் காண்பது எங்ஙனம்? அதற்கு வழி திறந்தவர்கள் சுவீடன் நாட்டின் எட்லரும் ஹெர்ட்ஸும் ஆவர். 1953-இல் அவர்கள் செவிக்கு எட்டாத ஒலியை இதயத்துள் செலுத்தி, திரும்பிவரும் எதிரொலியைப் பதிவு செய்தனர். அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய எக்கோ சோதனை.

ஒரு சிறுவனுக்கு வயிறு நீர்கோத்துப் பெருத்திருக்கிறது. கால்களிலோ வீக்கம் சொற்பம் என்று கொள்வோம். கல்லீரல் நோயென்றோ காசநோயென்றோ எண்ணத் தோன்றும். ஆனால் கழுத்து நரம்புகள் புடைத்திருப்பது இதயத்தைச் சுட்டுகிறது. எக்கோ படத்தில் வலக் கீழறை குறுகி, அதன் நுனி பளிச்சென்ற வடுவால் அடைபட்டிருக்கிறது. மேலே உள்ள அறையோ மிகப் பெருத்திருக்கிறது. இடையிலுள்ள வால்வு மூடாமல், குருதி பின்னோக்கி ஒழுகுகிறது. இம்மூன்றும் ஒருங்கே அமைந்தால் இந்நோயை ஐயுறலாம்.

போலிகளும் உள. நுனித் தசை மட்டும் தடிக்கும் நோயில், இதயம் சுருங்கும்போது நுனி மூடி, விரியும்போது ஓரளவேனும் திறக்கும். இங்கே விரியும்போதும் மூடியே இருக்கும். வாதக் காய்ச்சலால் இடப்புற வால்வு கெட்டு ஒழுகினால், கீழறை விரிந்து நுனி திறந்தே நிற்கும். குருதியில் இயோசினோபில் அணுக்கள் மிகுந்து உண்டாகும் வடுவை மட்டும் படத்தால் பிரித்தறிதல் அரிது. அதற்குக் குருதிச் சோதனையும் வேண்டும்.

மொசாம்பிக் நாட்டின் இன்ஹாரிமே பகுதியில் அனா ஓல்கா மொகும்பியும் அவர்தம் குழுவினரும் 1,063 பேரை எக்கோவால் ஆராய்ந்து, 2008-இல் முடிவை வெளியிட்டனர். 211 பேரிடம் இந்நோய் காணப்பட்டது. அவர்களுள் நான்கில் ஒரு பங்கினருக்கும் குறைவானவர்களே நோயின் துன்பத்தை உணர்ந்திருந்தனர். டேவீஸ் மேசைமீது கண்டது நோயின் இறுதி அத்தியாயம். அதன் முன் அத்தியாயங்கள் நடமாடும் மனிதரிடத்தே ஓசையின்றி நிகழ்ந்துகொண்டிருந்தன.

வடுவை அறுத்தெடுக்கும் சிகிச்சை உண்டு, அஃது எளிதன்று. நோயின் மூலகாரணம் இன்னும் துலங்கவில்லை. அதனைத் தேடுவோருக்கு, வடு முற்றாத இதயங்களைக் காட்டவல்ல எக்கோவே இன்று வழிகாட்டி.