ஆவரேஜ்

தீக்காப்பீட்டு பாலிசியில் வரும் ‘ஆவரேஜ்’ விதி, நாம் பள்ளியில் கூட்டி வகுத்த சராசரி அல்ல. சரக்கின் சேதத்தைக் குறித்த ‘அவார்’ என்ற அரபுச் சொல், மத்தியதரைக் கடல் வணிகர்கள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. கடலில் நேர்ந்த நட்டத்தைப் பங்கிடுவதே அதன் பழைய பொருள். காப்பீட்டில் இன்றும் அதுதான்.

ஒரு ஜவுளிக்கடையில் தீப்பிடித்த அன்று சரக்கு 20 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். மீண்டது 2 லட்சம், எரிந்தது 18 லட்சம். பாலிசியோ 12 லட்சத்துக்கு. ‘பாலிசித் தொகை முழுதும் வரும்’ என்றே கடைக்காரர் நினைப்பார். வராது. சரக்கில் ஐந்தில் மூன்று பங்குக்குத்தான் காப்பீடு. எனவே நட்டத்திலும் அதே பங்கு, 10.8 லட்சம். மீதி 7.2 லட்சத்தைக் கடைக்காரரே தாங்க வேண்டும்.

கணக்கில் எரிந்த 18 லட்சத்தையும் வியாபாரக் கணக்கில் வரவு வையுங்கள். இல்லாவிட்டால் மொத்த லாபம் பொய்யாகக் குறையும். 10.8 லட்சம் காப்பீட்டு நிறுவனத்தின் பற்று, 7.2 லட்சம் லாப நட்டக் கணக்கின் பற்று.

தீபாவளிக்குச் சரக்கை ஏற்றும்போதே பாலிசித் தொகையையும் ஏற்றிவிடுங்கள்.